ரேட் ஏறட்டும் என்று காத்திருந்த மூன்று மாதம்

ஷார்ஜாவில் எங்கள் அறையில் எட்டுப் பேர். சம்பளம் கணக்கில் ஏறிய அன்று ராத்திரி எட்டு பேரும் செய்கிற முதல் வேலை, போனை எடுத்து ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய், அன்றைய ரேட் என்ன என்று பார்ப்பது. "இன்னைக்கு அனுப்பாதே, நாலு நாள் பொறு" என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்படிப் பொறுத்தவன்தான் நானும். ஊரில் இரண்டு வட்டிக்குக் கடன் இருக்கும்போது பொறுப்பது எவ்வளவு செலவு பிடிக்கிற காரியம் என்பதை 2025-இல் கணக்குப் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கணக்கை அப்படியே எழுதி வைக்கிறேன். இதே நிலைமையில் இருக்கிறவர்கள் தங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டம். இங்கே ஏசி மெக்கானிக் வேலை, கையில் வரும் சம்பளம் 2,300 திர்ஹாம். மெஸ், போன், முடிவெட்டு எல்லாம் போக மாதம் 1,600 திர்ஹாம் ஊருக்கு ஒதுக்க முடியும். தங்கச்சி கல்யாணத்துக்கும் என் விசாவுக்கும் சேர்த்து அப்பா புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது 4,40,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வருடத்துக்கு 24. ஊரில் இதை யாரும் பெரிய வட்டியாகவே நினைப்பதில்லை. மூன்று, ஐந்து எல்லாம் நடமாடுகிற இடம்.

2025 ஜனவரியிலிருந்து அனுப்ப ஆரம்பித்தேன். 1,600-இல் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சின் கட்டணம் வரியோடு சேர்த்து 25 திர்ஹாம் போய்விடும். மீதி 1,575 ரூபாயாக மாறும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் 50 காசு ஒட்டிக் கிடைத்துக்கொண்டிருந்தது. பெருக்கினால் 37,000. அதில் வீட்டுச் செலவுக்கு 12,000 என்று வைத்து, "மாதம் 25,000 கடனுக்குப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் அதையே கடன் கொடுத்த பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். என் முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. கையில் இருப்பது திர்ஹாம். வாக்குக் கொடுத்தது ரூபாயில். அதுவும் அன்றைக்கு இருந்த ரேட்டில், ஒரு காசு கூட இடம் விடாமல்.

மே மாதம் ரேட் இறங்கியது. திர்ஹாம் தன் போக்கில் ஏறி இறங்குகிற பணம் இல்லை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு ரேட் என்றால் உண்மையில் டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதுதான். டாலர் விலையை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாம் விலை வந்துவிடும். பிப்ரவரியில் டாலர் 87 ரூபாய்க்கு மேலே போனது. மே தொடக்கத்தில் டாலர் உலகம் முழுக்கவே வலுவிழந்திருந்த நேரம், 84-ஐ ஒட்டி வந்துவிட்டது. என் எக்ஸ்சேஞ்சில் பலகையில் 22.90 எழுதியிருந்தது. நாட்டுக்கு ரூபாய் வலுவானது நல்ல செய்தியாக இருக்கலாம். எனக்கு அதே 1,575 திர்ஹாம் போன மாதத்தைவிடக் குறைவான ரூபாயாகிப் போனது. கடனுக்குச் சொன்ன 25,000-இல் 900 ரூபாய்க்கு மேல் துண்டு விழும்.

அறையில் எல்லோரும் சொன்னார்கள், இது தற்காலிகம், திரும்ப ஏறும் என்று. நானும் நம்பினேன். வட்டிக்கும் வீட்டுச் செலவுக்கும் மட்டும் அனுப்பிவிட்டு, அசலில் கழிக்க வேண்டிய 700 திர்ஹாமைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஜூனிலும் அதே போல 700. அப்பா போனில் ஒன்றும் சொல்லவில்லை. "சரிப்பா, உனக்குத் தெரியாததா" என்றார். பெரியவரிடம் போய் நின்றது அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் ரேட் 23.75-க்கு வந்தது. நாங்கள் சொன்னது சரியாகப் போயிற்று என்று அறையில் ஒரே சந்தோஷம். இரண்டு 700-ஐயும் சேர்த்து அனுப்பினேன். அன்று ராத்திரி சும்மா இருக்காமல், எவ்வளவு லாபம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

மே மாதத்து 700 திர்ஹாமை அப்போதே 22.90-க்கு மாற்றியிருந்தால் 16,030 ரூபாய். ஆகஸ்டில் 23.75-க்கு மாற்றியதில் 16,625. லாபம் 595 ரூபாய். இதுவரை மனசு குளிர்ந்தது. ஆனால் அந்த 16,030 மே மாதமே அசலில் கழிந்திருந்தால், அதற்கு மாதம் 320 ரூபாய் வட்டி நின்றிருக்கும். மூன்று மாதத்துக்கு 962 ரூபாய். 595 சம்பாதிக்க 962 கொடுத்திருக்கிறேன். ஜூன் மாதத்து 700-க்கும் போட்டுப் பார்த்தேன், அதிலும் நட்டம்தான்.

என்னை உறுத்தியது நட்டத் தொகை இல்லை. நான் கணித்தது பலித்தது. ரேட் இறங்கியது, திரும்ப ஏறியது, ஏறிய பிறகு அனுப்பினேன். எல்லாம் நினைத்தபடியே நடந்தும் நட்டம் என்றால், நினைத்தபடி நடக்காமல் போயிருந்தால்?

காரணம் எளிது. ஊரில் கடனை வைத்துக்கொண்டு இங்கே பணத்தைப் பிடித்து வைக்கிறவன், அந்தப் பணத்தை இரண்டு வட்டிக்கு வாங்கி டாலரில் போட்டிருப்பதற்குச் சமம். ரேட் 23 இருக்கும்போது அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் 46 காசு. அதாவது ஒரு மாதம் காத்திருந்தால் ரேட் குறைந்தது 46 காசு ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூன்று மாதம் என்றால் 1 ரூபாய் 38 காசு. எனக்கு ஏறியதோ 85 காசு. பொதுவாக ரேட் எவ்வளவு ஏறும் என்பதையும் பார்த்தேன். 2015 முடிவில் டாலர் சுமார் 66 ரூபாய், 2025 முடிவில் சுமார் 90. பத்து வருடத்தைச் சராசரியாக எடுத்தால் வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று சொச்சம். திர்ஹாமில் மாதத்துக்கு ஆறு காசு போல. ஆறு காசு ஏறுகிற ஒன்றுக்காக 46 காசு கொடுத்துக் காத்திருக்கிறோம். நடுவில் ஏதாவது ஒரு மாதம் ஒரேயடியாக ஒரு ரூபாய் ஏறுவது உண்டு. 2013 கோடையில் டாலர் சில மாதத்துக்குள் 54-லிருந்து 68-க்கு மேல் போனது. அதை இன்னும் பழைய ஆட்கள் கதையாகச் சொல்வார்கள். அந்த மாதிரி வருடத்தை எதிர்பார்த்து மற்ற எல்லா வருடமும் வட்டி கட்ட முடியாது.

அதற்குப் பிறகு ரேட் பார்த்து அனுப்புவதை விட்டுவிட்டேன். சம்பளம் ஏறிய மறுநாள் போய்விடும். ஆனால் ரேட் ஏறி இறங்குவது நின்றுவிடாது, அதற்குத் திட்டத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தை நான் அப்பாவிடம் சொல்லும் தொகையில் வைத்தேன்.

ஆகஸ்டில் அந்தப் பணமும் போய், அப்பா மிளகாய் விற்ற காசையும் போட்டு, அசலைச் சரியாக 3,00,000-க்குக் கொண்டுவந்திருந்தோம். புதிதாகத் திட்டம் போட நல்ல இடம். அதுவரை எனக்குக் கிடைத்த மோசமான ரேட் 22.90. அதற்கும் 40 காசு கீழே, 22.50 என்று வைத்துக்கொண்டேன். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் என் கணக்குக்கு ரேட் அதுதான். 1,575 திர்ஹாமுக்கு 35,437 ரூபாய். வீட்டுக்கு 12,000 போக மீதியில் 23,000 மட்டும் கடனுக்கு என்று அப்பாவிடம் சொன்னேன். முன்பு சொன்னதைவிட 2,000 குறைவு. அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ரேட் நல்லா இருக்கையில எதுக்குப்பா குறைக்கிற?" என்றார். குறைத்தது வாக்கைத்தான், அனுப்பும் பணத்தை இல்லை என்று புரியவைக்க இரண்டு போன் ஆனது. 23.75 கிடைக்கிற மாதத்தில் கூடுதலாக வரும் 1,900 சொச்சமும் கடனுக்கே போகும். 22.60-க்கு இறங்கினாலும் 23,000 போய்விடும். அப்பா யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கூடுதலாக வருவதில் முதல் 10,000 மட்டும் உடனே கடனுக்குப் போகாமல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர் பேங்கில் தரும் என்.ஆர்.இ. கணக்கிலேயே நிற்கட்டும் என்று வைத்தேன். அதற்கும் இரண்டு வட்டி போகத்தான் செய்கிறது, மாதம் 200 ரூபாய். தெரிந்தேதான் கொடுக்கிறேன், ஏனென்று பின்னால் சொல்கிறேன். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது: பெரியவர் அசலில் வாங்குவதானால் ஐயாயிரத்தின் மடங்காகத்தான் வாங்குவார். நூறும் ஐநூறுமாகக் கழித்தால் வட்டிக் கணக்கு குழம்பும் என்பார். ஆகவே சில்லறை எப்படியும் கணக்கில் தங்கும்.

ரேட்டைப் பற்றி அவ்வளவு யோசித்த பிறகுதான் வட்டியைப் பற்றி யோசித்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அம்மாவிடம் ஐந்து பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. அதை அடகு வைக்கலாம் என்று முன்பே பேச்சு வந்தபோது அம்மா வீட்டை விட்டு நகை போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை நான் காசுக் கணக்காகச் சொன்னேன். கடனில் பாதி, 1,50,000-க்கு இப்போது மாதம் 3,000 வட்டி. பேங்கில் நகைக் கடனாக எடுத்தால் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது, மாதம் 1,125. மிச்சம் 1,875 ரூபாய். ரேட் ஏறி இதே 1,875 எனக்குக் கிடைக்க வேண்டும் என்றால் 1,575 திர்ஹாமுக்கு ஒவ்வொரு மாதமும் 1 ரூபாய் 19 காசு கூடுதலாக வர வேண்டும். அத்தனை பேரும் சம்பள நாளில் போனைப் பார்த்துப் பத்துக் காசுக்கும் இருபது காசுக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மா பீரோவைத் திறந்தால் ஒரு ரூபாய் பத்தொன்பது காசு.

அம்மா ஒரு நாள் யோசித்தார். "எப்ப திரும்பி வரும்னு சொல்லு" என்றார். புரோநோட்டு முடிந்ததும் அடுத்தது இதுதான் என்றேன். செப்டம்பரில் சங்கிலி பேங்குக்குப் போனது, புரோநோட்டு அசல் 1,50,000-க்கு வந்தது. பணம் போக வேண்டிய வரிசை இதற்குப் பிறகு எளிது: இரண்டுக்கும் வட்டி, மீதி முழுதும் இரண்டு வட்டிக் கடனின் அசலுக்கு. புரோநோட்டு முடியும்வரை நகைக் கடனுக்கு வட்டி மட்டும். நகைக் கடனை அதற்குரிய தேதிக்குள் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்பதால் அந்தத் தேதியை அப்பா காலண்டரில் மட்டுமல்ல, என் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கே அனுப்புவது என்பதில் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் எழுதியிருக்கும் ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டாலும் அப்படித்தான். கையிலிருந்து போன திர்ஹாம் எத்தனை, ஊரில் விழுந்த ரூபாய் எத்தனை, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். ஒரு ஆப்பில் கட்டணமே இல்லை என்று போட்டிருந்தார்கள், ரேட் 23.30. அன்று என் எக்ஸ்சேஞ்சில் 23.75, கட்டணம் 25. நான் 1,600 அனுப்பினால் ஆப்பில் 37,280 விழும், எக்ஸ்சேஞ்சில் 37,406. எக்ஸ்சேஞ்சு 126 ரூபாய் மேல். ஆனால் என் பக்கத்துக் கட்டில்காரர் வீட்டு அவசரத்துக்கு 500 மட்டும் அனுப்பினார். அவருக்கு ஆப்பில் 11,650, எக்ஸ்சேஞ்சில் 11,281. அவருக்கு ஆப்தான் சரி. தொகை மாறினால் பதில் மாறும். ஆகவே ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணிவிடாமல், தொகை மாறும்போதெல்லாம் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பேங்கும் எக்ஸ்சேஞ்சும் இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் போடச் சொன்னவர்களும் உண்டு. பலகையைவிட முப்பது காசு மேலே தருவார்கள், வீட்டு வாசலில் பணம் வரும். அதன் பக்கமே நான் போகவில்லை. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒன்று. பணம் போய்ச் சேராவிட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது என்பது இன்னொன்று. எனக்குக் கடன் அடைப்பதில் பாதி வேலை சீட்டுகளைச் சேர்ப்பதுதான். எக்ஸ்சேஞ்சு ரசீது, அப்பா எடுத்த பேங்க் பதிவு, புரோநோட்டின் பின்பக்கம் பெரியவர் எழுதும் வரவு. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆரம்பத்தில் பெரியவர் தன் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். ஜூலையில் அவர் கணக்கும் அப்பா கணக்கும் 5,000 இடித்தது. பேசித் தீர்த்தார்கள், நல்ல மனுஷர்தான். ஆனாலும் அன்று முதல் பணம் கொடுத்த கையோடு புரோநோட்டின் பின்னாலேயே தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார் அப்பா.

அந்த 10,000 ரூபாய்க்கு வருகிறேன். நவம்பரில் கம்பெனியில் சம்பளம் மூன்று வாரம் தாமதம். ரேட் அப்போது நன்றாக இருந்தது, டாலர் 89-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மாற்றுவதற்குத் திர்ஹாம்தான் இல்லை. என்.ஆர்.இ. கணக்கில் அதுவரை சேர்ந்திருந்தது 12,575 ரூபாய். அதில் இரண்டு கடனுக்கும் வட்டி 3,525 போனது, மீதி 9,000 சொச்சத்தை அப்பா வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. ரேட் ஒரு ரூபாய் இறங்கினால் எனக்கு 1,575 ரூபாய் குறையும். சம்பளம் மூன்று வாரம் தள்ளினால் அந்த மாதத்துப் பணம் முழுதுமே கையில் இல்லை. ரேட்டுக்காக என்று நான் ஒதுக்கி வைத்தது கடைசியில் இதற்குத்தான் உதவியது. மாதம் 200 ரூபாய் வட்டி போனாலும் அந்தத் தொகையை மறுபடி சேர்க்கத்தான் போகிறேன்.

டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது. எனக்கு 24.35 கிடைத்தது. அறையில் மறுபடி அதே பேச்சு: இன்னும் ஏறும், ஜனவரியில் பார்க்கலாம், இப்போது யாரும் அனுப்பாதீர்கள். அப்பாவும் போனில், "இனிமே மாசம் இருபத்தஞ்சுன்னு சொல்லிரலாமாப்பா?" என்று கேட்டார். வேண்டாம்ப்பா, கொடுக்கிறது கூடக் கொடுங்க, சொல்றது இருபத்தி மூணே இருக்கட்டும் என்றேன். மே மாதம் 22.90 பார்த்தவனுக்கு 24.35 நிற்கும் என்று நம்பத் தோன்றவில்லை. நின்றால் அசல் சீக்கிரம் கரையும், அவ்வளவுதான்.

சம்பளம் வந்த மறுநாள் காலை டூட்டிக்கு முன் போய் அனுப்பினேன். சாயங்காலம் அப்பா வாட்ஸப்பில் ஒரு படம் போட்டிருந்தார். புரோநோட்டின் பின்பக்கம், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் "வரவு ரூ. 20,000" என்று ஒரு வரி, கீழே பெரியவர் கையெழுத்து, அதற்குக் கீழே "பாக்கி அசல் ரூ. 80,000". மேலே முந்தைய மாதங்களின் வரிகள் நெருக்கமாக நிறைந்துவிட்டன. அடுத்த வரவு எழுத இடம் பத்தாது, ஒரு தாள் ஒட்ட வேண்டும் போலிருக்கிறது என்று அப்பா குரல் செய்தியில் சொல்லியிருந்தார். பின்னாலிருந்து அம்மா குரல், சங்கிலி எந்த மாதம் வரும் என்று கேட்கச் சொல்லி.